அம்மா அனுப்பிய நீளச் செய்தியை அளவோடு கூடிய மளிகைப் பட்டியலாக மாற்றுவது எப்படி?

கேள்வி: "அம்மா அண்ணனுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அண்ணன் அப்படியே எனக்கு அனுப்பிவிட்டார். எனக்கு வந்தது ஞாயிறு இரவு. கடைக்குப் போகவேண்டியவன் நான். ஒவ்வொரு முறையும் ஏதாவது விட்டுப்போகிறது, அல்லது வேண்டாததை வாங்கி வந்து நிற்கிறேன். வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், நான் என நான்கு பேர். இதை எப்படி ஒழுங்கான பட்டியல் ஆக்குவது? செய்தி இதுதான்: 'வியாழன் சாயங்காலம் அத்தை வீட்டார் நாலு பேர் வருகிறார்கள், ஞாயிறு மதியம் சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவார்கள். இட்லி அரிசி தீரப்போகிறது, உளுந்தும் பார்த்துக்கொள். பருப்பு இரண்டு கிலோ. வெங்காயம் ஒரு கிலோ. சாம்பார்ப் பொடி சுத்தமாக இல்லை, அரைத்தே ஆகவேண்டும், மிளகாய் அரைக் கிலோ போட்டால் போதும். சீரகம் 50, மிளகு 50. எண்ணெய் வேண்டும். மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது, ராத்திரி சப்பாத்திதான். வெள்ளிக்கிழமை அமாவாசை. தேங்காய் ஐந்தாறு. சோப்பு, போன தடவை வாங்கியது வேண்டாம். மல்லி மறந்துவிடாதே. வெங்காயம் இரண்டு கிலோ வாங்கிக்கொள், சாம்பாருக்குச் சின்ன வெங்காயம். அப்பா மாத்திரை ஞாயிறோடு தீர்கிறது. எண்ணெயோடு நல்லெண்ணெயும் சேர்த்து. பால் கூட ஒன்று சொல்லிவிடு.'"

முதலில் மாத்திரையைக் கவனியுங்கள், மற்றதெல்லாம் பிறகு. உங்களுக்குச் செய்தி வந்தது ஞாயிறு இரவு. ஆனால் அம்மா அதை எழுதியது எப்போது? வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை இன்னொருவருக்கு அனுப்பும்போது, அனுப்பிய நேரம்தான் உங்கள் திரையில் தெரியும். முதலில் எழுதிய நேரம் தெரியாது. அம்மா சனிக்கிழமை எழுதியிருந்தால் 'ஞாயிறோடு தீர்கிறது' என்பது இன்றே தீர்ந்துவிட்டது என்று பொருள். ஞாயிறு காலையில் எழுதி, வருகிற ஞாயிறைச் சொல்லியிருந்தால் ஒரு வாரம் இருக்கிறது. இதைப் பட்டியலில் எழுதிக்கொண்டிருக்காமல் இப்போதே தொலைபேசியில் கேட்டுவிடுங்கள். வெள்ளிக்கிழமை அமாவாசை என்ற வரியில் இந்தக் குழப்பம் இல்லை. தினசரிக் காலண்டரைப் பார்த்தால் எந்த வெள்ளி என்று தெரிந்துவிடும், விருந்தினர் வரும் வியாழனும் அதோடு உறுதியாகிவிடும். கிழமை, 'நாளை', 'நாளை மறுநாள்' என்று வரும் ஒவ்வொன்றையும் தேதியாக மாற்றி எழுதுவதுதான் முதல் வேலை.

நான் கும்பகோணத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவன். முன்பெல்லாம் துண்டுச் சீட்டில் வந்த சிட்டை இப்போது வாட்ஸ்அப்பில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இப்படி வருகிற செய்திகளைப் படித்துச் சரக்குக் கட்டிப் பழகியதில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன். அளவு பெரும்பாலும் பொருளின் பக்கத்தில் இருக்காது. சுற்றியிருக்கும் பேச்சில் இருக்கும். உங்கள் அம்மாவின் செய்தியில் மிக முக்கியமான வரி 'பருப்பு இரண்டு கிலோ' அல்ல. 'அத்தை வீட்டார் நாலு பேர்' என்பதும், 'வெள்ளிக்கிழமை அமாவாசை' என்பதும்தான். பட்டியல் போடுபவர்கள் இவற்றைக் கதை என்று தள்ளிவிட்டுப் பொருள்களின் பெயர்களை மட்டும் பொறுக்குகிறார்கள். விட்டுப்போவது அங்கேதான்.

செய்தியை ஒரு குறிப்பேட்டிலோ தாளிலோ வாக்கியம் வாக்கியமாகப் பிரித்து, வரிக்கு ஒன்றாக எழுதிக்கொள்ளுங்கள். எதையும் நீக்காதீர்கள், வரிசையை மாற்றாதீர்கள், சொற்களையும் திருத்தாதீர்கள். நீளமான செய்தியை வாட்ஸ்அப் பாதியில் மடக்கி, மீதியைப் படிக்க அழுத்தச் சொல்லும். அதை அழுத்தி முழுவதையும் எடுத்துவிட்டீர்களா என்று பாருங்கள். வால் பகுதியில்தான் மறந்துபோனவையெல்லாம் வரும். உங்கள் செய்தியிலும் மாத்திரை, நல்லெண்ணெய், பால் மூன்றும் கடைசியில்தான் இருக்கின்றன. இன்னொன்று: அம்மா எழுதிய செய்தியைப் பின்னர் திருத்தியிருந்தால், அந்தத் திருத்தம் உங்களிடம் வந்த படியில் ஏறாது. அண்ணனிடம் இருப்பதை ஒரு முறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

இப்போது ஒவ்வொரு வரியின் பக்கத்திலும் அது என்ன வகை என்று குறியுங்கள். வாங்கவேண்டியது, வீட்டில் பார்க்கவேண்டியது, யாரிடமாவது சொல்லவேண்டியது, கணக்குக்கு உதவுவது என்று நான்கு வகை போதும். 'உளுந்தும் பார்த்துக்கொள்' என்பது வாங்கச் சொன்னது அல்ல, டப்பாவைத் திறந்து பார்க்கச் சொன்னது. 'பால் கூட ஒன்று சொல்லிவிடு' என்பது கடை வேலையே அல்ல, பால்காரருக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. 'மாமாவுக்குச் சர்க்கரை இருக்கிறது' என்பது கணக்குக்கு உதவுவது; அவருக்கு நீரிழிவு என்கிறார் அம்மா. இந்த வரியைப் பார்த்துவிட்டு 'சர்க்கரை வீட்டில் இருக்கிறது, வாங்க வேண்டாம்' என்று எழுதிக்கொண்டு வந்தவர்களை எங்கள் கடையில் பார்த்திருக்கிறேன். சிரிக்கத் தோன்றும், ஆனால் அவசரத்தில் யாருக்கும் நேரக்கூடியதுதான். அந்த வரியின் பின்பாதியில் பெயர் சொல்லாத ஒரு பொருளும் ஒளிந்திருக்கிறது: கோதுமை மாவு.

அப்படி ஒளிந்திருப்பதில் பெரியது சாம்பார்ப் பொடி. ஒரு வரிதான், ஆனால் அது எட்டுப் பொருள். மிளகாய் அரைக் கிலோ என்று அம்மா ஒன்றை மட்டும் சொல்லியிருக்கிறார். அரைத்துப் பழகிய வீட்டில் அது ஒன்றே போதும், மற்றவை அதன் விகிதத்தில் வந்துவிடும். எங்கள் பக்கத்தில் பரவலாக இருக்கும் கணக்கு, மிளகாய்க்கு இரண்டு பங்கு கொத்தமல்லி விதை. ஆக ஒரு கிலோ விதை. அதோடு துவரம் பருப்பு 100 கிராம், கடலைப் பருப்பு 100 கிராம், மிளகு 50, சீரகம் 50, வெந்தயம் 50, விரலி மஞ்சள் 50. இதில் உறுதியானது மல்லியும் மிளகாயும் முதன்மை என்பதுதான். பருப்பும் வெந்தயமும் வீட்டுக்கு வீடு மாறும். சிலர் கடலைப் பருப்பே சேர்ப்பதில்லை, சிலர் பெருங்காயமும் கறிவேப்பிலையும் சேர்ப்பார்கள். எனவே இந்த எட்டையும் எழுதி அம்மாவுக்கு அனுப்பி 'இதில் கூட்டவோ குறைக்கவோ உண்டா' என்று கேளுங்கள். வெறுமனே 'பொடிக்கு என்னென்ன வேண்டும்' என்று கேட்டால் இன்னொரு நீளச் செய்தி வரும். மிளகாய் என்பது இங்கே வற்றல்தான். நீட்டு மிளகாயா, குண்டு மிளகாயா என்பதையும் அதே கேள்வியில் சேர்த்துவிடலாம், கடையில் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

இந்த விகிதம் தெரிந்தவுடன் செய்தியில் இருந்த வேறு இரண்டு முடிச்சுகளும் அவிழ்கின்றன. 'சீரகம் 50, மிளகு 50' என்பது கிராமா, ரூபாயா? கடைப் பேச்சில் இரண்டும் உண்டு. 'மிளகு ஐம்பதுக்குக் கொடு' என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இங்கே பொடிக்கான கணக்கோடு அப்படியே பொருந்துவதாலும், அந்த வரியை ஒட்டியே வருவதாலும் கிராம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அது பொடிக்கு மட்டும்தான். ரசத்துக்கும் தாளிப்பதற்கும் அஞ்சறைப்பெட்டியில் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்கவேண்டும். அடுத்தது 'மல்லி மறந்துவிடாதே'. விதையா, இலையா? பொடி அரைப்பதால் விதை எப்படியும் வாங்கப் போகிறீர்கள். சந்தேகம் மிஞ்சுவது இலையில் மட்டும்தான், அது ஒரு கட்டு. தவறாக வாங்கினாலும் சட்னியில் போய்விடும். இப்படிப்பட்ட சந்தேகத்துக்கு அம்மாவைக் கேட்டுத் தொந்தரவு செய்யவேண்டியதில்லை, இரண்டையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இனி வெங்காயம். ஒரு கிலோ என்று ஓரிடத்தில், இரண்டு கிலோ என்று இன்னோரிடத்தில். ஒரே பொருள் இரண்டு முறை வந்தால் மூன்று வாய்ப்பு உண்டு: பின்னால் சொன்னது முன்னதைத் திருத்துகிறது, அல்லது இரண்டையும் கூட்டவேண்டும், அல்லது இரண்டும் வேறு வேறு பொருள். புதிதாக ஒரு தேவையைச் சொல்லி இரண்டாம் முறை வந்தால் கூட்டுவேன். எந்தத் தேவையும் சொல்லாமல் எண் மட்டும் மாறியிருந்தால் திருத்தம் என்று எடுத்துக்கொள்வேன். உங்கள் செய்தியில் 'சாம்பாருக்குச் சின்ன வெங்காயம்' என்று இருப்பதால் இரண்டு படிப்பு சாத்தியம்: பெரிய வெங்காயம் இரண்டு கிலோ, சின்னது தனியாக, அல்லது பெரியது ஒரு கிலோ, சின்னது இரண்டு கிலோ. சொற்களை எவ்வளவு நேரம் முறைத்தாலும் விடை வராது. ஆட்கணக்கில் சரிபார்த்தால் வரும். எட்டுப் பேருக்குச் சாம்பாரில் போட ஒரு வேளைக்குக் கால் கிலோ சின்ன வெங்காயம் தாராளம். அமாவாசையன்று வெங்காயம் சேர்க்காத வீடானால் அந்த நாள் சமையலே கணக்கில் வராது. மிஞ்சுவது சனி, ஞாயிறு மதியமும் ஓரிரண்டு வேளைச் சிற்றுண்டிச் சாம்பாரும். சின்னது ஒரு கிலோ போதும். ஆக பெரியது இரண்டு கிலோ, சின்னது ஒரு கிலோ என்பதுதான் பொருத்தமான படிப்பு. இதைக் கேள்வியாக இல்லாமல் முடிவாக எழுதி அம்மாவிடம் காட்டுங்கள்.

அளவு சொல்லாத பொருள்களுக்கு வருவோம். இதற்குப் பெரிய கணிதம் வேண்டாம். எத்தனை வேளை, எத்தனை பேர், தலைக்கு எவ்வளவு, வீட்டில் எவ்வளவு இருக்கிறது என்ற நான்கும் போதும். வேளையை முதலில் எண்ணுங்கள். வியாழன் இரவு தொடங்கி ஞாயிறு மதியம் வரை இரவு மூன்று, காலை மூன்று, மதியம் மூன்று. ஆள் எட்டு.

இட்லி அரிசியை முழுதாகப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கிலோ இட்லி அரிசிக்குக் கால் கிலோ உளுந்து என்று ஊறவைத்தால் சுமார் 60 இட்லி வரும். அரிசி, உளுந்தின் தரமும் இட்லித் தட்டின் குழியும் பொறுத்து ஐந்தாறு கூடக் குறைய இருக்கும். மூன்று காலையும் இட்லி, தலைக்கு நான்கு என்றால் 96. அதற்கு அரிசி ஏறத்தாழ 1,600 கிராம், உளுந்து 400 கிராம். இரவில் மாமாவுக்குச் சப்பாத்தி. மற்ற ஏழு பேருக்கும் தோசை என்றால், தலைக்கு மூன்றாக மூன்று இரவுக்கு 63 தோசை. ஒரு தோசைக்கு ஒன்றரை இட்லி மாவு போகும் என்று வைத்தால், காலைக்கு ஆன அதே அளவு மாவு இரவுக்கும் வேண்டும். மொத்தம் 3,200 கிராம் அரிசி, 800 கிராம் உளுந்து. எல்லோருக்குமே சப்பாத்தி என்றால் இரவுக் கணக்கு மாவிலிருந்து கோதுமைக்குப் போய்விடும்: எட்டுப் பேர், தலைக்கு மூன்று, மூன்று இரவு, 72 சப்பாத்தி. ஒரு கிலோ கோதுமை மாவில் சுமார் 36 சப்பாத்தி வருவதால் இரண்டு கிலோ வேண்டும். மாமாவுக்கு மட்டும் என்றால் ஒன்பதே சப்பாத்தி, கால் கிலோ மாவு.

எந்தக் கேள்வியை அம்மாவிடம் கேட்பது, எதைக் கேட்காமல் நீங்களே முடிவு செய்வது என்பது இந்த இடத்தில் நன்றாகத் தெரியும். இட்லி அரிசி கெட்டுப்போகாது, விருந்தினர் போன பிறகும் வீட்டுக்கு வேண்டும். அம்மாவே தீரப்போகிறது என்கிறார். ஆகவே கணக்கு 1,600 வந்தாலும் 3,200 வந்தாலும் ஐந்து கிலோ வாங்கிவிடலாம். உளுந்து டப்பாவில் கால் பங்குக்குக் குறைவாக இருந்தால் ஒரு கிலோ. ஆனால் கோதுமை மாவு கால் கிலோவா, இரண்டு கிலோவா என்பது எட்டு மடங்கு வித்தியாசம். 'சப்பாத்தி மாமாவுக்கு மட்டுமா, எல்லோருக்குமா' என்பது கேட்கவேண்டிய கேள்வி. கெடாத பொருளைக் கூட்டி முழு எண்ணாக்குங்கள். காய், பால், கறிவேப்பிலை போன்றவற்றைக் குறைத்து எழுதி, வேண்டுமானால் சனிக்கிழமை மறுபடி வாங்குங்கள்.

எண்ணெய் இரண்டு முறை வருகிறது, ஆனால் குழப்பமில்லை. சமையல் எண்ணெய் ஒன்று, நல்லெண்ணெய் ஒன்று. சாதாரணச் சமையலுக்குத் தலைக்கு ஒரு நாளைக்கு 30 மில்லி என்று வைத்தால் எட்டுப் பேருக்கு மூன்று நாளில் முக்கால் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. அமாவாசைக்கு வடை, அப்பளம் உண்டென்றால் வாணலியை நிரப்பவே தனியாக அரை லிட்டருக்கு மேல் வேண்டும், அதில் ஒரு பகுதி மிஞ்சினாலும். அதனால் சமையல் எண்ணெய் இரண்டு லிட்டர், இட்லிப் பொடிக்கும் தோசைக்கும் நல்லெண்ணெய் அரை லிட்டர். வாங்கும்போது உறையில் பாருங்கள்: ஒரு லிட்டர் எண்ணெய் எடையில் சுமார் 910 கிராம்தான். லிட்டரையும் கிலோவையும் ஒன்றாக நினைத்து விலையை ஒப்பிட்டால் கணக்குத் தவறும். பாக்கெட் அளவுகளும் இப்போது ஒரே மாதிரி இல்லை. ஒரு லிட்டர் உறை போலவே தோற்றமளிப்பது 850 மில்லியாக இருக்கும். பட்டியலில் 'எண்ணெய் 2 பாக்கெட்' என்று எழுதாமல் 'எண்ணெய் 2 லிட்டர்' என்று எழுதுவது இதனால்தான். பாக்கெட் என்பது அளவே அல்ல.

அம்மா தெளிவாகச் சொன்ன எண்களை மாற்றாதீர்கள், சரிபார்க்க மட்டும் செய்யுங்கள். 'பருப்பு' என்று மட்டும் சொன்னால் எங்கள் ஊரில் துவரம் பருப்புதான். மதியச் சாம்பாருக்குத் தலைக்கு 30 கிராம் போட்டால் மூன்று மதியத்துக்கு 720 கிராம். காலைச் சாம்பார், பொடிக்கு 100 கிராம் எல்லாம் சேர்த்தாலும் ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கும். இரண்டு கிலோ என்பது சற்றுக் கூடுதல். வீட்டுத் தேவையையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார் என்று விட்டுவிடலாம். கணக்கு ஐந்து கிலோ என்றோ கால் கிலோ என்றோ வந்திருந்தால் அப்போதுதான் நிறுத்திக் கேட்கவேண்டும். தேங்காய் 'ஐந்தாறு' என்றால் ஆறு. மூன்று காலைச் சட்னிக்கு மூன்று, பொரியலுக்கும் கூட்டுக்கும் இரண்டு, அமாவாசைப் படையலுக்கு உடைக்க ஒன்று என்று அதுவும் பொருந்துகிறது.

பால் மட்டும் இடிக்கிறது. கூட ஒன்று என்றால் வழக்கப்படி அரை லிட்டர் உறை ஒன்று. வரும் நான்கு பேரும் ஒரு நாளைக்கு இரண்டு முறை காபி குடித்தால், முறைக்கு 100 மில்லி பால் என்று வைத்தால்கூட 800 மில்லி ஆகிறது. எட்டுப் பேருக்குத் தயிர் உறைய வைப்பது தனி. அம்மா எண்ணாமல் சொன்ன இடம் இது என்று நினைக்கிறேன், அல்லது 'ஒன்று' என்பது ஒரு லிட்டராக இருக்கலாம். கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்பதையும் பால்காரரிடம் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் விருந்தினர் ஊருக்குப் போன பிறகும் கூடுதல் பால் வந்துகொண்டே இருக்கும்.

அமாவாசை என்ற சொல் தன்னுடன் சில பொருள்களைக் கொண்டுவருகிறது. வாழையிலை, வாழைக்காய், எள், வெற்றிலை பாக்கு, பழம் என்று எங்கள் பக்கத்தில் வழக்கம். உங்கள் வீட்டு முறை எனக்குத் தெரியாது என்பதால் இவற்றைப் பட்டியலில் சேர்க்கச் சொல்லமாட்டேன், கேட்கச் சொல்வேன். அதேபோல் அம்மா சொல்லாமலே விட்ட இரண்டு பெரிய பொருள்கள் இருக்கின்றன. ஒன்று சாப்பாட்டு அரிசி. மூன்று மதியம், எட்டுப் பேர், தலைக்கு 125 கிராம் என்றால் மூன்று கிலோ. வீட்டில் மூட்டை இருப்பதால் சொல்லாமல் விட்டிருக்கலாம். இன்னொன்று காய்கறி, செய்தியில் வெங்காயம் தவிர ஒரு காய்கூட இல்லை. வாசலில் வண்டிக்காரரிடம் வாங்குவாராயிருக்கும். நீங்களாகச் சேர்த்து வாங்கி வந்தால் இரட்டிப்பாகும். கேட்காமல் விட்டால் வெள்ளிக்கிழமை காலையில் ஓடவேண்டிவரும்.

சோப்பில் இரண்டு சிக்கல். குளிக்கவா, துவைக்கவா, பாத்திரம் துலக்கவா என்பது ஒன்று. போன தடவை வாங்கியது எது என்பது இன்னொன்று. இரண்டாவதற்குப் போன மாதச் சிட்டையையோ குளியலறையில் கிடக்கும் உறையையோ பார்த்தால் போதும். மாத்திரையில் மட்டும் எந்த ஊகமும் கூடாது. பெயர் ஒன்றாக இருந்து மில்லிகிராம் மாறினாலே வேறு மருந்து போலத்தான். மருத்துவர் சீட்டையும் மாத்திரை அட்டையின் இரண்டு பக்கங்களையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், எத்தனை நாளுக்கு வேண்டும் என்றும் கேளுங்கள். அட்டை இல்லாமல் 'அந்த வெள்ளை மாத்திரை' என்று நிறம் சொல்லிக் கேட்கப் போகாதீர்கள்.

இப்போது அம்மாவுக்கு ஒரே ஒரு செய்தி. பத்துக் கேள்வி தனித்தனியாக அனுப்பினால் மூன்றுக்குத்தான் பதில் வரும். ஒவ்வொரு கேள்வியிலும் நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்பதையும் சேர்த்துவிடுங்கள், பதில் வராவிட்டாலும் வேலை நிற்காது. இப்படி: "அம்மா, அப்பா மாத்திரைச் சீட்டும் அட்டையும் படம் அனுப்புங்கள், எந்த ஞாயிறு தீர்கிறது? சப்பாத்தி மாமாவுக்கு மட்டும் என்று நினைத்து மாவு ஒரு கிலோ வாங்குகிறேன், எல்லோருக்கும் என்றால் சொல்லுங்கள், இரண்டு கிலோ. பெரிய வெங்காயம் இரண்டு, சின்னது ஒரு கிலோ. பால் தினம் ஒரு லிட்டர் கூடுதலாகச் சொல்கிறேன். சோப்பு துவைக்கவா, குளிக்கவா? அமாவாசைக்கு இலை, வாழைக்காய் நான் வாங்கவா? சாப்பாட்டு அரிசி, காய் வீட்டில் பார்த்துக்கொள்வீர்களா? பொடிக்கு எடுக்கும் சாமான் கீழே இருக்கிறது, திருத்தவேண்டுமானால் திருத்துங்கள்." பொடிக்கான எட்டு வரிகளும் அதன் அடியில்.

பதில் வந்த பிறகு அடுக்குவது எளிது, ஆனால் அகர வரிசையில் அடுக்காதீர்கள். நாள் முதலில், கடை அடுத்து. மிளகாயும் மல்லியும் வெயிலில் காயவேண்டும், மில்லில் அரைக்கவேண்டும், அரைத்த பொடி சூடு ஆறவேண்டும். வெள்ளி மதியச் சாம்பாருக்கு வேண்டுமானால் மளிகை முழுவதும் திங்கள் அல்லது செவ்வாய்க்குள் வீட்டுக்கு வந்தாகவேண்டும். வெயில் இல்லாவிட்டால் வாணலியில் லேசாக வறுத்தும் அரைக்கலாம், அதற்கும் ஒரு நாள் கையில் இருப்பது நல்லது. வெங்காயம் எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். மல்லித்தழையும் வாழையிலையும் வியாழன் மாலைதான். கடைக்குள் வரிசை என்பது கடைக்காரர் எடுக்கும் வரிசை. மூட்டையிலிருந்து நிறுத்துத் தரும் அரிசி, பருப்பு, உளுந்து ஒன்றாக. பொட்டலம் கட்டும் மிளகாய், மல்லி, சீரகம் ஒன்றாக. பிறகு எண்ணெய், மாவு. சோப்பு எப்போதும் கடைசியில், தனிப் பையில். அரிசியோடு ஒரே பையில் சோப்பு வந்தால் சோற்றில் வாசனை தெரியும்.

உங்கள் பட்டியல் பெரும்பாலும் இப்படி வந்து நிற்கும். இன்றே, மருந்துக் கடை: அப்பா மாத்திரை, சீட்டில் உள்ளபடி. பால்காரருக்கு அழைப்பு: வியாழன் மாலை முதல் ஞாயிறு காலை வரை கூடுதல் பால்.

செவ்வாய்க்குள், மளிகைக் கடை: இட்லி அரிசி 5 கிலோ, முழு வெள்ளை உளுந்து 1 கிலோ, துவரம் பருப்பு 2 கிலோ, கடலைப் பருப்பு 100 கிராம், மிளகாய் வற்றல் அரைக் கிலோ, கொத்தமல்லி விதை 1 கிலோ, மிளகு 50 கிராம், சீரகம் 50 கிராம், வெந்தயம் 50 கிராம், விரலி மஞ்சள் 50 கிராம், கோதுமை மாவு 1 கிலோ, சமையல் எண்ணெய் 2 லிட்டர், நல்லெண்ணெய் அரை லிட்டர், சோப்பு, அம்மா சொல்லும் வகை.

வியாழன் மாலை, காய்கறிக் கடை: பெரிய வெங்காயம் 2 கிலோ, சின்ன வெங்காயம் 1 கிலோ, தேங்காய் 6, மல்லித்தழை 1 கட்டு, அமாவாசைச் சாமான், அம்மா சொன்னால்.

பொடிக்கான துவரம் பருப்பு 100 கிராமைத் தனி வரியாக எழுதவில்லை, இரண்டு கிலோவிலேயே எடுத்துக்கொள்ளலாம். இப்படி விழுங்கப்பட்ட பொருளைக் குறிப்பாக எழுதி வையுங்கள், இல்லாவிட்டால் மில்லுக்குப் போகும்போது தேடுவீர்கள்.

பட்டியல் முடிந்ததும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது; ஏதாவது விட்டுப்போகிறது என்கிறீர்களே, அதற்கு மருந்து இதுதான். பட்டியலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அம்மாவின் மூலச் செய்தியை முதல் வரியிலிருந்து படியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பட்டியலில் ஒரு வரி இருக்கவேண்டும், அல்லது 'இது வாங்குவதற்கல்ல' என்று நீங்கள் தெரிந்தே விட்டிருக்கவேண்டும். பட்டியலிலிருந்து செய்தியைப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும், இருப்பதைத்தானே தேடுவீர்கள். செய்தியிலிருந்து பட்டியலைப் பார்த்தால்தான் இல்லாதது கண்ணில் படும். எங்கள் கடையில் சரக்குக் கட்டி முடித்த பிறகும் ஒருவர் சிட்டையைப் படிக்க, இன்னொருவர் பையிலிருந்து எடுத்துக் காட்டுவார். பையைப் பார்த்துச் சிட்டையில் அடிப்பதில்லை.

கடையில் ஏதாவது இல்லை என்றால் அந்த வரியை அடித்துவிடாமல் வட்டம் போடுங்கள். அடித்தது வாங்கியது, வட்டம் போட்டது அடுத்த கடைக்கு. விரலி மஞ்சள் இல்லையென்று மஞ்சள் தூள் கொடுத்தால் பொடிக்கு வாங்கலாம், ஒன்றும் ஆகாது. முழு உளுந்துக்குப் பதில் உடைத்த உளுந்து கொடுத்தால் அம்மாவைக் கேட்டுவிட்டு வாங்குங்கள், இட்லிக்கு முழு உளுந்துதான் வேண்டும் என்பவர்கள் நிறையப் பேர்.